ஏற்றப்பட்ட கோளவோட்டின் சக்தி எங்கே இருக்கிறது: ஓட்டிலா, வெளியிலா?

கேள்வி: உயர்தர பௌதிகவியலில் ஏற்றப்பட்ட கோளவோட்டின் சக்தியை ½QV என்று போடுகிறோம். ஏற்றம் முழுவதும் ஓட்டில்தானே இருக்கிறது, அப்போ சக்தியும் அங்கேதானே இருக்க வேண்டும்? வெள்ளவத்தை ரியூஷனில் சேர் "வெளியே உள்ள மின்புலத்தில் இருக்கிறது" என்கிறார். எது சரி?

பதில்:

சேர் சொன்னது சரி. ½QV உம் சரிதான், ஆனால் அது எவ்வளவு சக்தி என்று மட்டுமே சொல்கிறது. சூத்திரத்தில் Q இருப்பதைப் பார்த்து, சக்தியும் Q இருக்கும் இடத்தில்தான் என்று முடிவெடுக்க அது இடம் தரவில்லை.

இலக்கங்களோடு பார்ப்போம். ஆய்வுகூடத்து வந்தகிராப் பிறப்பாக்கியின் கோளம் ஒன்றை எடுங்கள். ஆரை R = 10 செ.மீ., அழுத்தம் V = 100 000 வோல்ற்று. அதன் கொள்ளளவம் 4πε₀R, அதாவது ஏறத்தாழ 11.1 பிக்கோபரட்டு. ஏற்றம் 1.11 மைக்குரோகூலோம். ½QV என்று போட்டால் 0.056 யூல் வருகிறது. அந்த அரை எங்கிருந்து வந்தது என்பதை மறக்கவேண்டாம்: முதல் துளி ஏற்றம் வரும்போது கோளத்தின் அழுத்தம் பூச்சியம், கடைசித் துளி வரும்போதுதான் 100 000 வோல்ற்று. சராசரி அழுத்தம் அதில் பாதி.

இப்போது ஏற்றத்தை மறந்துவிட்டு மின்புலத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். கவுசின் தேற்றப்படி ஓட்டுக்குள்ளே புலம் பூச்சியம், வெளியே E = kQ/r². ஓரலகுக் கனவளவிலுள்ள சக்தி ½ε₀E². கோளத்தின் மேற்பரப்பை ஒட்டி வெளியே புலம் மீற்றருக்கு 10⁶ வோல்ற்று, ஆகவே அங்கே ஒரு கனமீற்றருக்கு 4.4 யூல். r ஆரையில் dr தடிப்புள்ள மெல்லிய காற்றுப்படை ஒன்றின் கனவளவு 4πr²dr. இரண்டையும் பெருக்கினால் அந்தப் படையிலுள்ள சக்தி

dU = ½kQ² dr/r²

R இலிருந்து முடிவிலிவரை தொகையிட, U = ½kQ²/R. V = kQ/R என்பதால் இது அதே ½QV, அதே 0.056 யூல். இங்கே பலர் விடும் பிழை, "ஏற்றத்தின் சக்தி" ஒன்று, "புலத்தின் சக்தி" இன்னொன்று என்று நினைத்து இரண்டையும் கூட்டுவது. இருப்பது ஒரே சக்தி. அதை இரண்டு வழியில் கணக்கிட்டோம், அவ்வளவுதான்.

புலக் கணக்கு கூடுதலாக ஒன்றைத் தருகிறது: சக்தி எப்படிப் பரவியிருக்கிறது என்று. r ஆரை வரைக்குள் அடங்கும் பங்கு 1 − R/r. மேற்பரப்பை ஒட்டிய முதல் 1 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 1 சதவீதம். மையத்திலிருந்து 20 செ.மீ. வரை சரியாகப் பாதி. 1 மீற்றர் வரை 90 சதவீதம். மிச்சம் 10 சதவீதம் அதற்கும் அப்பால். ஆய்வுகூடத்தில் அந்தத் தூரத்துக்குள் மேசையும் சுவரும் ஆட்களும் வந்துவிடுவதால், தனிமையான கோளத்தின் சூத்திரம் அங்கே அண்ணளவானதுதான்.

என் பார்வையில் இந்தக் கேள்வியை நன்றாகத் துலக்குவது பின்வரும் சோதனை. பட்டியை நிறுத்தி, ஏற்றம் மாறாமல் தனித்து விடுங்கள். காவலிக் கைபிடியுள்ள இரண்டு உலோக அரைக்கோளங்களால், மையம் ஒன்றாக இருக்கும்படி, கோளத்தைத் தொடாமல் மூடுங்கள். இந்த வெளியோட்டின் ஆரை 20 செ.மீ. அதன் உட்பக்கத்தில் −Q உம் வெளிப்பக்கத்தில் +Q உம் தூண்டப்படும். அப்பாலுள்ள புலம் முன்புபோலவே இருக்கும். உலோகத்தின் தடிப்புக்குள் மட்டும் புலம் இல்லாமல் போகும். தடிப்பு 2 மில்லிமீற்றர் என்றால் அந்த இழப்பு மொத்தத்தில் 0.5 சதவீதம்தான், விட்டுவிடலாம்.

அடுத்து வெளியோட்டை, காவலிக் கைபிடியில் பிடித்த கம்பியால் புவியுடன் தொடுங்கள். அதன் அழுத்தம் 50 000 வோல்ற்று என்பதால் பொறி பறக்கும். வெளிப்பக்கத்து +Q புவிக்குப் போய்விடும், 20 செ.மீ.க்கு அப்பாலுள்ள புலம் மறைந்துவிடும். உள்ளே கோளத்தில் ஏற்றம் துளியும் மாறவில்லை, 10 இற்கும் 20 செ.மீ.க்கும் இடையிலுள்ள புலமும் அப்படியே. பொறியிலும் கம்பியிலும் வெப்பமாகப் போனது 0.028 யூல். 20 செ.மீ.க்கு அப்பால் இருக்கிறது என்று புலக் கணக்கு சொன்ன சரிபாதி அதுவே.

பட்டியை ஓடவிட்டுக்கொண்டு இதைச் செய்தால் கணக்குக் குழம்பும். மூடிப் புவித்தொடுப்புச் செய்ததும் கொள்ளளவம் இரட்டிக்கிறது, பட்டி புது ஏற்றத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது, சக்தி குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். கொழும்பின் ஈரப்பதனும் தொல்லைதான். தாங்கியின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே ஏற்றம் கசியும். அதன் தடை 10¹² ஓம் என்று வைத்தாலும் 11 செக்கனில் ஏற்றம் 37 சதவீதமாகவும், சக்தி ஏற்றத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன் என்பதால் 14 சதவீதமாகவும் இறங்கிவிடும். தாங்கியைத் துடைத்து, ஹெயார் ட்ரையரால் சூடுகாட்டி உலர்த்திய கையோடு செய்யவேண்டும்.

"சக்தி ஏற்றத்தில்தான்" என்பவர் இப்போதும் தோற்கவில்லை. கோளத்தின் அழுத்தம் 100 000 இலிருந்து 50 000 ஆக இறங்கியது, ஆகவே ½QV பாதியாயிற்று என்று அவர் சொல்லலாம். அதுவும் சரியான கணக்கு. ஏற்றங்கள் அசையாமல் இருக்கும்வரை இரண்டு கணக்கும் எப்போதும் ஒரே மொத்தத்தைத்தான் தரும், நிலைமின்னியலுக்குள் நின்று இதைத் தீர்க்க முடியாது.

தீர்ப்பு வருவது காலத்தோடு மாறும் புலங்களிலிருந்து. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி இங்கே வந்துசேர ஏறத்தாழ 500 செக்கன் ஆகிறது. அதற்குள் அந்தச் சக்தி சூரியனை விட்டுப் போய்விட்டது, நம் தோலிலுள்ள இலத்திரன்களை இன்னும் வந்தடையவில்லை. இடைவழியில் அதைச் சுமக்க ஏற்றம் எதுவும் தேவைப்படவில்லை. சக்தி ஏற்றத்தில்தான் என்ற கணக்கு இங்கே நின்றுவிடுகிறது. புலத்தில் ½ε₀E² என்று வைத்து, அதோடு காந்தப்புலத்துக்குரிய பங்கையும் சேர்த்தால், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணத்திலும் வரவும் செலவும் சரிவருகிறது. பொயின்ரிங் 1884இல் காட்டியது இதைத்தான். அசையாத கோளத்துக்கும் அதே விதியை வைப்பதால்தான் "வெளியிலுள்ள புலத்தில்" என்கிறோம்.

பரீட்சையில் ஒன்றைக் கவனியுங்கள். ஓடு என்றாலும் திண்மக் கடத்தி என்றாலும் ஏற்றம் மேற்பரப்பில்தான், விடை ½kQ²/R. கனவளவு முழுவதும் சீராக ஏற்றப்பட்ட காவலிக் கோளம் என்றால் உள்ளேயும் புலம் உண்டு, விடை (3/5)kQ²/R. வெளியே உள்ள சக்தி இரண்டுக்கும் ஒன்றே. கூடுதலாக வரும் (1/10)kQ²/R கோளத்துக்குள்ளே, அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. கேள்வியில் "கடத்தி", "சீராக ஏற்றப்பட்ட காவலி" என்ற சொற்களில் எது இருக்கிறது என்று பார்த்த பிறகே சூத்திரத்தை எழுதுங்கள்.