தினமும் டடலாஃபில்: சட்டைப்பையில் சார்பிட்ரேட் இருக்கக் கூடாது

"எனக்கு வயது 61. புராஸ்டேட் வீக்கம். இரவில் நான்கு முறை எழுகிறேன். விறைப்பும் ஒரு வருடமாகச் சரியில்லை. சிறுநீரக டாக்டர் தினமும் டடலாஃபில் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் ஹார்ட் அட்டாக் வரும், உடம்பு அதற்கே பழகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததால் இன்னும் தொடவில்லை. பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் வைக்க சார்பிட்ரேட் எப்போதும் பையில் உண்டு. அண்ணன் சாப்பிடும் டாம்சுலோசினையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த சார்பிட்ரேட்டை எழுதிக் கொடுத்தது யார்? உங்களுக்கு நெஞ்சுவலி வருகிறது என்று இதய டாக்டர் எழுதியதென்றால், டடலாஃபில் உங்களுக்கான மாத்திரையே அல்ல. சிறுநீரக டாக்டரிடம் அதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். எல்லோரும் பையில் வைத்திருக்க வேண்டும் என்று வந்த செய்தியைப் பார்த்து வாங்கியதென்றால், இன்றே வெளியே எறியுங்கள்.

டடலாஃபில் தானாக மாரடைப்பை வரவழைப்பதில்லை. சார்பிட்ரேட்டுடன் சேரும்போதுதான் ஆபத்து. சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரிக்கும் ஒரு பொருளை உடம்பில் பெருக்குகிறது. டடலாஃபில் அந்தப் பொருள் அழியாமல் தடுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தது போல. ரத்த அழுத்தம் சில நிமிடங்களில் சரிந்து, ஏற்கெனவே தவிக்கும் இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாமல் ஆகிவிடலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். திங்கள் இரவு 9 மணிக்கு டடலாஃபில் சாப்பிடுகிறீர்கள். செவ்வாய் இரவு மறந்துவிட்டீர்கள். புதன் காலை 10 மணிக்கு நெஞ்சு இறுக்குகிறது. 37 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. மருந்தில் பாதி வெளியேறவே சுமார் 17 மணி நேரம் ஆகும் என்பதால், கடைசி மாத்திரைக்குப் பின் 48 மணி நேரமாவது சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் கூடாது என்பது விதி. தினமும் சாப்பிடுகிறவருக்கு அந்த இடைவெளி ஒருநாளும் கிடைக்காது. ஆகவே நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழைத்து, முதல் வாக்கியமாக "தினமும் டடலாஃபில் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமலும் மாரடைப்புக்கு வைத்தியம் உண்டு. மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உங்களால் பேச முடியாமல் போகலாம். அதனால் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், புராஸ்டேட் மாத்திரை என்று சொன்னாலும் அது உண்மைதான். ஆனால் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிகோராண்டில் என்று எந்தப் பெயர் சீட்டில் இருந்தாலும் இதே தடைதான்.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பி.பி. உள்ளவருக்கு விறைப்புக் குறைவது சில சமயம் இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பு. இ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் பாருங்கள். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறதா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்திருந்தால் தினசரி டடலாஃபில் பொருந்தாது.

இனி பலன். புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலிலும் உள்ள தசையை இது தளர்த்துகிறது. புராஸ்டேட் வீக்கத்தைச் சுருக்காது, வளர்க்கவும் செய்யாது. அவசரமும் அடிக்கடி போவதும் 2 முதல் 4 வாரத்தில் குறையத் தொடங்கலாம்; சிறுநீரின் வேகம் பெரிதாக அதிகரிக்காது. இரவு நான்கு முறை ஒரேயடியாக ஒன்றாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். விறைப்புக்கென்று நேரம் பார்த்து விழுங்க வேண்டியதில்லை, ஆனால் ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் எதுவும் செய்யாது. பழக்கமாகும் என்பது பொய். நிறுத்தினால் பழைய தொந்தரவு திரும்பும், அவ்வளவே. தலைவலியும் முதுகுவலியும் சிலருக்கு வரும், பெரும்பாலும் தணிந்துவிடும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வையோ காதோ திடீரென மங்கினாலோ மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அண்ணனின் டாம்சுலோசின் கூடாது. அதுவும் அழுத்தத்தைக் குறைக்கும்; டடலாஃபில், அம்லோடிபின், டாம்சுலோசின் மூன்றும் சேர்ந்தால் இரவில் கழிவறைக்கு எழும்போது மயங்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக்கூடும். டடலாஃபிலையும் டாம்சுலோசினையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு, நின்றபடி பி.பி. பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. 20 மி.கி. மாத்திரையை நான்காக உடைத்துச் சாப்பிடுவதும் வேண்டாம், துண்டுகள் சமமாக வராது.

நான்கு வாரம் சாப்பிட்டபின், எத்தனை முறை எழுந்தீர்கள் என்ற குறிப்புடன் உங்கள் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கழித்தபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அது அதிகமாக இருந்தால் மாத்திரை மட்டும் போதாது.