நகை, போன், சுங்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

துபாயில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி விசிட் விசாவில் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு 5 பவுனில் செயின் வாங்கலாம் என்றிருக்கிறோம். பெண்களுக்கு 40 கிராம் வரை வரி இல்லையாமே?
– இராமநாதபுரம் வாசகர்

அந்த 40 கிராம் எல்லாப் பெண்களுக்கும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்குத்தான். உங்கள் மனைவி மூன்று மாதம்தான் இருந்திருக்கிறார், அவருக்குக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் ஆண் என்பதால் 20 கிராம், அதாவது இரண்டரைப் பவுன். உங்கள் சலுகையை அவர் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

நானாக இருந்தால் ஒரே செயினாக வாங்காமல் இரண்டரைப் பவுனில் இரண்டு வாங்கி, இரண்டையும் நீங்களே கொண்டுவரச் சொல்வேன். ஒன்று வரியில்லாமல் போகும். மற்றதற்கு, வரிக்குரிய பொருள் இருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் வரி கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் இந்தியர் 1 கிலோ வரை தங்கத்தைக் குறைந்த வரியில் கொண்டுவரலாம். 2024 ஜூலையில் இந்த வரியை 6 சதவீதமாகக் குறைத்தார்கள். செயினின் மதிப்பு 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அந்த விகிதத்தில் 18,000 ரூபாய். அதே செயினை மனைவி பெயரில் காட்டினால் சாதாரணப் பயணச் சுமை விகிதமான 38.5 சதவீதம் விழலாம்: 1,15,500 ரூபாய்! கிளம்பும் வாரத்தில் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்குகிற இடங்கள் மூன்று. அந்த ஆறு மாதத்துக்குள் நீங்கள் ஊருக்கு வந்துபோன நாட்கள் மொத்தம் 30-ஐத் தாண்டக்கூடாது. கல், முத்து பதித்த நகைக்கு இந்தச் சலுகை இல்லை. வரியை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும், அதனால் திர்ஹத்தை முழுவதும் மாற்றிவிட்டு வராதீர்கள். கடை பில்லைக் காட்டுங்கள். ஆனால் இந்தச் சலுகையில் வரும் தங்கத்துக்கு மத்திய அரசு சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் மதிப்பை வைத்துத்தான் வரி போடுவார்கள். பில்லில் இருக்கும் தொகையோடு அது ஒத்துப்போகாவிட்டால் அதிகாரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. 2016 விதிகளில் வரியில்லா நகைச் சலுகைக்கு ரூபாய் வரம்பும் இருந்தது: ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு 1 லட்சம். தங்கம் ஏறிய ஏற்றத்தில் அந்தப் பணத்துக்கு 20 கிராம் வாங்கவே முடியாமல் போய், கவுன்டரில் தினமும் வாக்குவாதம்தான். 2026 பிப்ரவரி 2 முதல் வந்த புதிய விதிகளில் ரூபாய் வரம்பு போய்விட்டது, எடை மட்டும்தான் கணக்கு. பழைய தகவலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

செயினுக்குப் பதில் தங்கக் காசாக வாங்கினால்?
– கடலூர் வாசகி

வரியில்லாச் சலுகை நகைக்கு மட்டும்தான். காசு, பிஸ்கட் எல்லாம் முதல் கிராமிலிருந்தே வரிக்கு உட்பட்டவை.

சிங்கப்பூரில் 1,10,000 ரூபாய் மதிப்புள்ள புதுப் போன் வாங்கினோம். நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கு 75,000 வரை வரியில்லை. மொத்தம் ஒன்றரை லட்சம் இருக்கிறதே?
– திருச்சி வாசகர்

இரண்டு பேர் வரம்பை ஒரே பொருளுக்குச் சேர்க்க முடியாது. 1,10,000-இல் 75,000 போக மீதி 35,000. அதற்கு 38.5 சதவீதம் என்றால் 13,475 ரூபாய். தலா 70,000-இல் இரண்டு போன் வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்தால் வரியே வந்திருக்காது. 18 வயது நிரம்பிய பயணிக்கு ஒரு லேப்டாப் தனிச் சலுகை, அது இந்த 75,000-இல் சேராது. டிவிக்கு இந்த 75,000 சலுகை இல்லை.

டப்பாவை எறிந்துவிட்டுப் போனை மட்டும் பையில் போட்டால் 'பழையது' ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சிம் போடாத, ஸ்டிக்கர் உரிக்காத போனைப் பார்த்தால் அதிகாரிக்குத் தெரியாதா? பில்லும் இல்லையென்றால் மதிப்பை அவர்தான் முடிவுசெய்வார்.

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறேன். தாலிக்கொடி, வளையல் எல்லாம் 12 பவுன் இருக்கும். திரும்பும்போது வரி கேட்பார்களா?
– மதுரை வாசகி

போகும் நாளிலேயே வேலையை முடித்துவிடுங்கள். நகைகள் இங்கிருந்துதான் போயின என்று புறப்பாட்டுப் பகுதியிலுள்ள சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். நகை பில்லோ மதிப்பீட்டாளர் சான்றோ, போட்டோவோடு கையில் இருக்கட்டும். பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன்னால், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்த பிறகு "இது பழைய நகை" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

பச்சை வழியில் வந்த தம்பியை நிறுத்தி, 60 கிராம் செயினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி என்ன செய்வது?
– நாகப்பட்டினம் வாசகர்

முதலில், தடுத்துவைத்ததற்கான ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். எடை, சுத்தம், நகையின் விவரம் மூன்றும் அதில் சரியாக இருக்க வேண்டும். பச்சை வழியில் நடந்தாலே 'என்னிடம் வரிக்குரியது எதுவும் இல்லை' என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அதனால் வரியோடு அபராதமும், நகையை மீட்கத் தனி மீட்புத் தொகையும் வரலாம். சிவப்பு வழியில் உண்மையைச் சொல்லியிருந்தால், வரி கட்டப் பணம் இல்லாதபோது நகையைச் சுங்கத்திடமே விட்டுவைத்து, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகக் கேட்டிருக்கலாம். சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அது, உண்மையாக அறிவித்தவருக்கு மட்டும்.

இனி உத்தரவு எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். கைக்கு வந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) மனு போடலாம். தம்பியின் பாஸ்போர்ட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அவர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தாரா என்று பாருங்கள். இருந்திருந்தால் முதல் 20 கிராமுக்குச் சலுகையும் மீதிக்குக் குறைந்த வரியும் கேட்க வழி இருக்கிறது. வக்கீலிடம் போகும்போது அந்தத் தாளையும் கடை பில்லையும் முதலில் நீட்டுங்கள்.