ஒன்றையொன்று அழிக்கும் இரு பல்ஸ்கள் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

4046 சிப்பில் உள்ள எக்ஸ்-ஆர் ஒப்பீட்டியை வைத்து ஒரு பி.எல்.எல்., அதாவது கட்டப் பூட்டுக் கண்ணி, செய்தேன்; பூட்டு விழுந்தது. இப்போது கட்ட-அதிர்வெண் ஒப்பீட்டியையும் சார்ஜ் பம்பையும் நானே வடிவமைத்துப் பார்க்கிறேன். ரீசெட் பாதையில் வேண்டுமென்றே தாமதம் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால், பூட்டிய பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் அப், டவுன் இரண்டும் சேர்ந்தே எழுகின்றன. ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் பல்ஸ்கள் எதற்கு? அவை இல்லாமல் அமைதியாக இருப்பதுதானே சரியான பூட்டு?

ம.

அன்புள்ள ம.,

அந்த அமைதிதான் சிக்கலே. எக்ஸ்-ஆரின் வெளியீடு பூட்டிய நிலையில் ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. 1 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞைகள் இரண்டு 90 பாகை விலகி நிற்கும்போது, 1000 நானோ நொடிச் சுற்றில் 250 நானோ நொடி அகலமான பல்ஸ்கள் இரண்டு வருகின்றன. கட்டம் 0.2 நானோ நொடி நகர்ந்தால் அகலம் 250.2 ஆகிறது. ஏற்கெனவே முழுதாக எழுந்து நிற்கும் பல்ஸின் ஓரம் சற்று நகர்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு சிறிய பிழையும் சராசரி மின்னழுத்தத்தில் தெரிந்துவிடும். ஆனால் இரு அதிர்வெண்களும் வேறுபட்டிருக்கும்போது எது வேகமானது என்று அதனால் சொல்ல முடியாது. பெருக்கதிர்வெண்ணிலும் தவறாகப் பூட்டிவிடும்.

கட்ட-அதிர்வெண் ஒப்பீட்டி இந்தக் குறைகளைத் தீர்க்கிறது. மேற்கோள் சமிக்ஞையின் ஏறுமுனை ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பை எழுப்பி அப் தருகிறது. பின்னூட்டத்தின் ஏறுமுனை இன்னொன்றை எழுப்பி டவுன் தருகிறது. இரண்டும் எழுந்ததும் ஒரு அண்ட் கேட் இரண்டையும் ரீசெட் செய்கிறது. பின்னூட்டம் மெதுவாக ஓடினால் அப் மட்டுமே திரும்பத் திரும்ப நீள்வதால் திசை தெரிந்துவிடுகிறது. ஆனால் பிழை சுழியை நெருங்க நெருங்க அப் பல்ஸ் சுருங்கிக்கொண்டே போகிறது. நீங்கள் கேட்கும் கேள்வியின் விடை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் சார்ஜ் பம்பின் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் என்றும், அதன் ஸ்விட்ச் திறந்து மின்னோட்டம் ஓடத் தொடங்க 1 நானோ நொடி ஆகிறது என்றும் கொள்வோம். பிழை 0.2 நானோ நொடி என்றால் 0.2 பிக்கோ கூலூம் மின்னூட்டம் வடிப்பானுக்குச் சென்றிருக்க வேண்டும். ஆனால் ஸ்விட்ச் திறப்பதற்குள் பல்ஸ் முடிந்துவிடுவதால் எதுவும் செல்வதில்லை. சுழியின் இருபுறமும் 1 நானோ நொடி வரை இதே கதைதான்; இதுவே டெட் சோன். அதற்குள் கண்ணி அறுந்து கிடக்கிறது என்றே பொருள். மின்னழுத்தத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் அலையியற்றியான வி.சி.ஓ. தன் போக்கில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் தள்ளப்பட்டு, மறுபடியும் நகர்கிறது. மேற்கோளில் 1 நானோ நொடி என்பது 0.36 பாகைதான். ஆனால் 100 மடங்கு பெருக்கி 100 மெகாஹெர்ட்ஸ் எடுக்கிறீர்கள் என்றால், வெளியீட்டின் 10 நானோ நொடிச் சுற்றில் அதே 1 நானோ நொடி 36 பாகை ஆகிறது.

இப்போது ரீசெட் பாதையில் 3 நானோ நொடி தாமதம் வையுங்கள். அதே பிழைக்கு அப் 3.2, டவுன் 3.0 நானோ நொடி நீள்கின்றன. இரண்டிலும் முதல் 1 நானோ நொடி வீணானாலும், மிஞ்சும் 2.2-க்கும் 2.0-க்கும் உள்ள வேறுபாடு அதே 0.2 தான், 0.2 பிக்கோ கூலூமும் குறையாமல் போய்ச் சேர்கிறது. எக்ஸ்-ஆருக்கு இயல்பாகவே வாய்த்த பண்பை, அதாவது எழுந்து நிற்கும் பல்ஸின் ஓரத்தை அளப்பதை, இந்த ஒப்பீட்டிக்கு நாம் தாமதத்தின் மூலம் தருகிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. டவுன் மின்னோட்டம் 1.05 மில்லி ஆம்பியராக இருந்தால், சமநிலைக்கு அப் 0.1 நானோ நொடி கூடுதலாக நீள வேண்டியிருக்கும். அந்தச் சிறு ஏற்றஇறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் வருவதால் வெளியீட்டின் இருபுறமும் 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளிக் கிளை அலைகள் முளைக்கும். இரு மின்னோட்டங்களும் ஓடும் நேரமெல்லாம் அவற்றின் இரைச்சலும் வடிப்பானுக்குள் போகும். ஆகவே தாமதம் ஸ்விட்ச் முழுதாகத் திறக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் பலகையில் டெட் சோன் இருக்கிறதா என்று அறிய, ஆஸிலோஸ்கோப்பை மேற்கோளில் ட்ரிக்கர் செய்து, திரையில் தடங்கள் அழியாமல் தங்கும்படி அமைத்துவிட்டுப் பின்னூட்ட முனையைப் பாருங்கள். மெல்லிய கோட்டுக்குப் பதில் ஏறக்குறைய 2 நானோ நொடி அகலப் பட்டை தெரிந்தால் சந்தேகிக்கலாம். ஆனால் மின்வழங்கியின் இரைச்சலும் இதே தோற்றத்தைத் தரும். அதை நம்பி இரண்டு வாரம் மின்தேக்கிகளை மாற்றிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. பிரித்தறிய, வடிப்பானின் வெளியீட்டிலிருந்து தரைக்கு 1.2 மெகா ஓம் மின்தடை ஒன்றை வையுங்கள். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் 2.5 வோல்ட் என்றால் ஏறக்குறைய 2 மைக்ரோ ஆம்பியர் ஒழுகும். அதை ஈடுகட்ட, ஸ்விட்ச் திறக்க வீணாகும் 1 நானோ நொடியையும் சேர்த்து, அப் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 3 நானோ நொடி எழுந்தாக வேண்டும், ஆகவே கண்ணி டெட் சோனுக்கு வெளியே வந்துவிடும். பட்டை உடனே மெல்லிய கோடாகச் சுருங்கினால் காரணம் டெட் சோன்தான். சுருங்காவிட்டால் மின்வழங்கியைத் தேடலாம். இந்த மின்தடையை அங்கேயே விட்டுவிடாதீர்கள், அதுவும் கிளை அலைகளைக் கூட்டும். சோதனை முடிந்ததும் எடுத்துவிட்டு ரீசெட் தாமதத்தைச் சரிசெய்யுங்கள்.