சரிந்து இறங்கும் மெத்தைகள்: மூலம் உருவாகும் விதம்

கேள்வி: எனக்கு மலச்சிக்கலே கிடையாது, காரமும் அதிகம் சாப்பிடுவதில்லை. ஆனாலும் மூலம் என்கிறார்கள். உடல் சூட்டினால் வருகிறதா? மேலும் மோசமாகாமல் தடுக்க என்ன செய்ய வேண்டும்?

நான் பொது அறுவைசிகிச்சை மருத்துவர். புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடல் சூட்டுக்கும் மூலத்துக்கும் தொடர்பு இல்லை. மிளகாயைப் பொறுத்தவரை, இத்தாலியில் 2006இல் மூலம் உள்ள 50 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒருமுறை மிளகாய்த்தூளும் இன்னொருமுறை வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், அவர்களின் தொந்தரவில் வேறுபாடு தெரியவில்லை. ஆசனவாயில் வெடிப்பு இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காரம் எரிச்சலைக் கூட்டும்.

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி என்றும், காலில் வருவதைப் போன்ற நரம்புச் சுருள் என்றும் பலர் நினைக்கிறார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் அதை வீங்கிய சிரை என்றே சொல்லிவந்தார்கள். 1975இல் தாம்சன் என்ற ஆங்கிலேய அறுவைசிகிச்சை மருத்துவர் ஆசனவாய்த் திசுக்களை நுணுக்கமாக ஆராய்ந்து வேறொரு விளக்கம் தந்தார். ஆசனவாயின் உட்புறத்தில் பிறவியிலேயே எல்லோருக்கும் மென்மையான திசு மெத்தைகள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. சளிச்சவ்வுக்கு அடியில் ரத்தம் நிரம்பும் சிறு அறைகள், மெல்லிய தசை இழைகள், இணைப்புத் திசு எல்லாம் சேர்ந்தவை இவை. சுருக்குத் தசை எவ்வளவு இறுகினாலும் நடுவில் எஞ்சும் இடைவெளியை இவைதான் அடைக்கின்றன. காற்றும் நீர்த்த மலமும் கசியாமல் இருப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆக, மூலத்தின் மூலப்பொருள் உடம்பின் இயல்பான ஓர் உறுப்பு.

இந்த மெத்தைகளை அதனதன் இடத்தில் பிடித்துவைத்திருப்பவை ட்ரைட்ஸ் தசை எனப்படும் இழைகளும் இணைப்புத் திசுவும். மலம் கழிக்கும்போது மெத்தைகள் சற்றுக் கீழே இறங்கும். முடிந்ததும் இந்த இழைகள் அவற்றை மேலே இழுத்துக்கொள்ளும். முப்பது வயதைத் தாண்டும்போது இழைகள் மெல்ல மெல்ல நைந்துபோகத் தொடங்குகின்றன. பையின் உள்துணி தையல் விட்டுப்போனால் கையை வெளியே எடுக்கும்போது கூடவே பிதுங்கி வருமே, அதேபோலத்தான் மெத்தையும் மலத்தோடு இறங்குகிறது. இறங்கிய மெத்தையின் கழுத்தைச் சுருக்குத் தசை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியாமல் மெத்தை வீங்குகிறது. வீங்கியது அடுத்த முறை இன்னும் எளிதாகச் சரிகிறது. அதன் மேல்தோல் உரசலில் கிழிந்தால் ரத்தம் சொட்டுகிறது. மெத்தைக்குள் தமனி ரத்தம் நேரடியாக வருவதால்தான் அது கரும் நிறமாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது.

உங்களைப் போலவே மலச்சிக்கல் இல்லாத ஒருவரைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், கணக்கு வேலை பார்ப்பவர். தினமும் மென்மையாகத்தான் மலம் போகிறது. ஆனால் முடிவில் சொட்டுச் சொட்டாக ரத்தம். ஏதோ ஒன்று வெளியே வந்து தானாகவே உள்ளே போய்விடுகிறது. இது இரண்டாம் நிலை உள்மூலம். கையால் தள்ளினால்தான் உள்ளே போகும் என்றால் மூன்றாம் நிலை, தள்ளியும் உள்ளே நிற்காது என்றால் நான்காம் நிலை. குழாய்க் கருவியை வைத்து, முக்கச் சொல்லிப் பார்த்தபோது இரண்டு மெத்தைகள் கீழே இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது.

காலையில் எவ்வளவு நேரம் கழிப்பறையில் இருப்பீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம், கையில் செல்பேசியோடு. மலம் முதல் சில நிமிடங்களிலேயே போய்விடுகிறது. பிறகும் “இன்னும் மிச்சம் இருக்கிறது” என்ற உணர்வு. அதற்காக உட்கார்ந்தே இருந்து இடையிடையே முக்குகிறார். இந்த உணர்வுதான் பலரை ஏமாற்றுவது. சரிந்து வீங்கிய மெத்தையே ஆசனவாயில் அடைத்துக்கொண்டு மலம் இருப்பதுபோலக் காட்டுகிறது. அதை வெளியேற்ற முக்க முக்க, மெத்தை மேலும் கீழே தள்ளப்படுகிறது.

வெறுமனே உட்கார்ந்திருப்பதும் கெடுதல்தான். மேற்கத்தியக் கழிப்பறையின் வளையத்தில் அமரும்போது பிட்டத்துக்குத்தான் தாங்கல்; நடுவில் இருக்கும் இடுப்புத் தரைத் தசைகள் தளர்ந்து தொங்குகின்றன. ஆசனவாய் திறந்த நிலையில் மெத்தைகளுக்குள் ரத்தம் தேங்குகிறது. நாற்காலியில் அமர்ந்தால் இப்படி ஆவதில்லை, அடியில் தாங்கல் இருக்கிறது. 2025இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெருங்குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரில் கழிப்பறைக்குச் செல்பேசி கொண்டுபோகிறவர்களிடம் மூலம் 46 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருபவர்களும் அவர்களில்தான் அதிகம். சிறிய ஆய்வு, காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆனால் மெத்தை சரிவதாகச் சொல்லும் விளக்கத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உந்துதல் வந்தால் மட்டும் போங்கள், வந்ததைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டால் மலம் குடலில் தங்கி நீர் வற்றி இறுகும். செல்பேசியை வெளியே வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுபோலத் தோன்றினாலும் முக்காமல் எழுந்து வாருங்கள். உண்மையிலேயே இருந்தால் உந்துதல் மறுபடி வரும். பாதங்களுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலி வைத்துக்கொண்டால் முழங்கால் உயர்ந்து மலக்குடலின் வளைவு நேராகும், முக்க வேண்டிய தேவை குறையும்.

உணவில் பார்க்க வேண்டியது நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை தேவை. வெள்ளை அரிசிச் சோறும் இட்லியும் மட்டும் என்றால் இதில் பாதிகூடத் தேறாது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலேயே ஏறத்தாழ 12 கிராம் கிடைத்துவிடும். இசப்கோல் எடுத்தால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் மூலம் வருகிறது என்பதால், மலம் இளகிவிட்டால் போதும் என்று பேதி மாத்திரை போடுவது தவறு. உருண்டு திரண்டு, முக்காமல் போகும் மலமே வேண்டியது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஏழு சோதனைகளில் 378 பேரைப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், நார்ச்சத்து எடுத்தவர்களிடம் ரத்தப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மெத்தை வெளியே வருவதில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. நைந்துபோன இழைகளை எந்த உணவும் திரும்பத் தைத்துவிடாது என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. நான் சொன்னவருக்கும் சில வாரங்களில் ரத்தம் நின்றது, ஆனால் பிதுக்கம் நிற்கவில்லை. பிறகு ரப்பர் வளையம் போட்டோம். மெத்தையின் மேற்பகுதியில் வளையத்தை மாட்டினால் அந்தத் துணுக்கு உதிர்ந்து, அங்கே உண்டாகும் தழும்பு மீதி மெத்தையை மேலே ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்கிறது. போட்ட பிறகும் நார்ச்சத்தையும் ஐந்து நிமிடக் கணக்கையும் விடக்கூடாது, மற்ற மெத்தைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

உங்களுக்கு ரத்தம் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போனால், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர் என்றால், மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். கருஞ்சிவப்பு ரத்தம், மலத்தோடு கலந்து வரும் ரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் திடீர் மாற்றம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பெருங்குடலை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும். குடல் புற்றுநோயும் ரத்தப்போக்கோடு தொடங்கலாம், மூலம் உள்ளவருக்கே அதுவும் சேர்ந்து இருக்கலாம்.