ஜியோரெஃபரன்ஸ் எரர் 0.7 பிக்சல் என்றால் லேயரின் துல்லியம் 3 மீட்டரா?

கேள்வி: 1:50,000 டோபோ ஷீட்டை ஸ்கேன் செய்து, QGIS-ல் ஜியோரெஃபரன்ஸ் பண்ணி, ரோடு லேயர் வரைந்தேன். மீன் எரர் 0.7 பிக்சல்தான், அதாவது சுமார் 3 மீட்டர். ரிப்போர்ட்டில் "துல்லியம் 3 மீட்டர்" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அந்த 0.7 நீங்கள் கொடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளிலேயே மிஞ்சிய பிழை. தன் விடைத்தாளைத் தானே திருத்தி மார்க் போட்டுக்கொள்வது மாதிரி. பத்தே புள்ளி கொடுத்து மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், எரர் பூஜ்யம் என்று வரும். ஷீட் துல்லியமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் கணக்குக்குக் குறைந்தது பத்துப் புள்ளி வேண்டும், பத்தையும் அது விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். அதோடு, நீங்கள் கோடு வரையும்போது வந்த பிழையும் அந்த எண்ணுக்குள் இல்லை.

லேயரைச் சோதிக்க, ஜியோரெஃபரன்ஸில் கலந்துகொள்ளாத புள்ளிகள் வேண்டும். வரைபடத் துல்லியத்துக்கான அமெரிக்காவின் 1998 என்.எஸ்.எஸ்.டி.ஏ. வரையறை குறைந்தது 20 புள்ளி கேட்கிறது. அங்குள்ள ஒளிப்பட அளவைச் சங்கமான ஏ.எஸ்.பி.ஆர்.எஸ். 2023-ல் அதை 30 ஆக்கிவிட்டது. இவை ஷீட்டின் நான்கு மூலைகளுக்கும் பரவியிருக்க வேண்டும். சோதிக்கும் கருவியும் லேயரைவிட மூன்று மடங்காவது நம்பகமாக இருக்கட்டும். 15 மீட்டர் பிழை எதிர்பார்க்கும் இடத்தில், திறந்த வெளியில் 5 மீட்டருக்குள் காட்டும் கையடக்க ஜி.பி.எஸ். போதும். புல வரைபடம் என்றால் டி.ஜி.பி.எஸ். இல்லாமல் முடியாது. கூகுள் எர்த் படத்திலிருந்து எடுத்த புள்ளியை நான் சேர்ப்பதில்லை. அந்தப் படம் அந்த இடத்தில் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று முதலில் யாராவது அளந்திருக்க வேண்டுமே.

புள்ளி எடுக்கும்போது இரண்டு ரோடுகள் கிட்டத்தட்ட செங்கோணத்தில் சந்திக்கும் இடமாகப் பாருங்கள். ஏரிக்கரை வளைவு, ஆற்றங்கரை எல்லாம் வேண்டாம், அங்கே எந்த இடம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரயில் பாதையை ஒட்டியே போகும் ரோட்டையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு குறியீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, வரைபடம் போட்டவர்களே ரோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்திருப்பார்கள்.

கணக்கு எளிதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் லேயரின் ஆயத்திலிருந்து களத்தில் எடுத்த ஆயத்தைக் கழியுங்கள். கிழக்கு-மேற்கு வித்தியாசம் dx, வடக்கு-தெற்கு dy. இரண்டும் யூ.டி.எம். மீட்டரில் இருக்கட்டும்.

```
RMSEx = sqrt( sum(dx^2) / n )
RMSEy = sqrt( sum(dy^2) / n )
RMSEr = sqrt( RMSEx^2 + RMSEy^2 )
```

இதோடு dx, dy-யின் சராசரியையும் கட்டாயம் எடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு வந்த ஒரு ஷீட்டில் நிலைமை உங்களுடையது போலத்தான், கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் 3 மீட்டர். 20 சோதனைப் புள்ளிகளில் RMSEx 15, RMSEy 9.4, மொத்தம் 17.7 மீட்டர். சராசரியைப் பார்த்தால் dx +12, dy −5. பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறவில்லை. லேயர் முழுக்க 13 மீட்டர் ஒரே பக்கமாக, கிழக்கும் கொஞ்சம் தெற்குமாக, நகர்ந்திருந்தது. வர்க்கக் கணக்கில் 313-ல் 169, அதாவது பாதிக்கு மேல், இந்த நகர்வுதான்.

காரணம் டேட்டம். பழைய ஷீட்டின் அட்ச, தீர்க்கக் கோடுகள் எவரெஸ்ட் டேட்டத்தில் இருந்தன. அதை WGS 84-க்கு மாற்ற, இந்தியா முழுமைக்குமான மூன்று எண் மாற்றத்தைப் போட்டிருந்தேன் (295, 736, 257). அந்த மாற்றத்துக்கே ஒவ்வொரு அச்சிலும் 10 முதல் 15 மீட்டர் வரை நிச்சயமின்மை உண்டு. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எல்லாமே அதே மாற்றத்தின் வழியே வந்ததால் அவற்றில் இது தெரியவே தெரியாது.

சரி, லேயரை 12 மேற்கே, 5 வடக்கே நகர்த்திவிட்டு, அதே 20 புள்ளிகளில் மறுபடி கணக்குப் போடலாமா? கூடாது. திருத்தத்துக்குப் பயன்பட்ட நிமிடமே அவை கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகிவிடும். நான் அந்த 20-ல் பரவலாக 8 எடுத்து, லேயரை அவற்றுக்குப் பொருத்தினேன். மீதி 12-ஐத் தொடவில்லை. அப்புறம் களத்துக்குப் போய்ப் புதிதாக 8 புள்ளி எடுத்து 20 ஆக்கினேன். சராசரி dx +1, dy −2. RMSEx, RMSEy இரண்டும் 9, மொத்தம் 12.7 மீட்டர். 1:50,000-ல் அது தாளின்மேல் கால் மில்லிமீட்டர், ஒரு பேனாக் கோட்டின் தடிமன். ஸ்கேன் செய்த தாளிலிருந்து இதற்குக் கீழே இறங்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

x, y பிழைகள் ஏறக்குறைய சமமாக, ஒருபக்க நகர்வு இல்லாமல் இருந்தால், 95 சதவீத நம்பிக்கைக்கான எண்ணைப் பெற RMSEr-ஐ 1.7308-ஆல் பெருக்கலாம். 12.7-க்கு 22 மீட்டர் வரும். ரிப்போர்ட்டில் நான் எழுதியது: "20 தனிச் சோதனைப் புள்ளிகள், கையடக்க ஜி.பி.எஸ்., RMSEr 12.7 மீ., 95 சதவீத நம்பிக்கையில் 22 மீ." உங்கள் 3 மீட்டரையும் எழுதலாம், ஆனால் "ஜியோரெஃபரன்ஸ் எச்சப் பிழை" என்ற பெயரில், தனி வரியில்.