தலைமைப் பதவிக்கு இன்டர்வியூ எடுப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

விற்பனைத் தலைவர் பதவிக்கு மூணு பேர் வந்தாங்க, மூணு பேருமே அருமையா பேசினாங்க. யாருக்கு முடிவெடுக்கற நிதானம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இருபது கேள்வி கேட்காதீர்கள். அவர் எடுத்த ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அதிலேயே இருங்கள். அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, வேறு என்ன வழிகள் இருந்தன, யார் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதில் எது நியாயமாகப் பட்டது என்று கேட்டுக்கொண்டே போங்கள். தயாரித்து வந்த கதை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்கு அப்புறம் வருவதுதான் அந்த ஆள்.

நான் பேனலில் இருந்த ஓர் இடத்தில் இரண்டு பேர் கடைசி வரை வந்தார்கள். ஒருவர் நஷ்டத்தில் ஓடிய இரண்டு தயாரிப்புகளை நிறுத்தி லாபத்தை ஏற்றியவர். யார் எதிர்த்தார்கள் என்று கேட்டேன், "யாரும் இல்லை, எல்லோருக்கும் புரிந்தது" என்றார். அந்தத் தயாரிப்புகளை நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் என்ன ஆனார்கள் என்றால், அதை வேறு டீம் பார்த்துக்கொண்டதாம். இன்னொருவர் புதிய சந்தையில் இறங்கித் தோற்றவர். கணக்குப் பிரிவுத் தலைவர் எதிர்த்ததையும், அங்கே பணம் வசூலாக நாளாகும் என்ற அவருடைய காரணத்தையும், அவரே வாதாடுவது போல எடுத்துச் சொன்னார் அந்தப் பெண்மணி. அதனால்தான் மூன்றாவது மாதத்துக்குள் பாதி வசூல் வராவிட்டால் நிறுத்திவிடுவது என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தாராம், நான்காவது மாதம் நிறுத்தியும்விட்டார். ஒரு மாதம் இழுத்தது தன் தப்பு என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். என் ஓட்டு அவருக்குத்தான். பேனலில் பாதிப்பேர் முதல் ஆள்தான் வேண்டும் என்றார்கள், அது வேறு கதை.

இதெல்லாம் எதுக்கு? நம்பர் நல்லா இருந்தா ஆள் நல்ல ஆள்தானே?

பாதி சரி. மூன்று வெவ்வேறு இடங்களில், நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் நம்பர் நன்றாக இருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஒரே இடத்தில் இரண்டு வருடம் என்றால், அதே வருடங்களில் போட்டியாளர்கள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று பாருங்கள். ஊரே வளர்ந்தபோது இவரும் வளர்ந்திருக்கலாம்.

வேலைல சேர்ந்தா முதல் 90 நாள்ல என்ன செய்வாங்கன்னு வர்றவங்களையே திட்டம் போட்டு ஸ்லைடு கொண்டு வரச் சொல்றோம். அது போதாதா?

போதாது. அழகான ஸ்லைடு வரும், அதை யார் போட்டார்கள் என்றுகூடத் தெரியாது. அதற்குப் பதிலாக ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உங்கள் நிறுவனத்தின் உண்மையான சிக்கல் ஒன்றை நான்கு பக்கத்தில் முந்தின நாள் கொடுங்கள். மறுநாள் பேச்சின் நடுவில் அவர் கணக்கைக் கலைக்கிற ஒரு தகவலைச் சொல்லிப் பாருங்கள், "பெரிய வாடிக்கையாளர் போகப் போகிறார்" என்பது மாதிரி. திட்டத்தை மாற்றுகிறாரா, மாற்றினால் எதை முதலில் விடுகிறார்? எதையுமே விடாத திட்டம் வெறும் ஆசைப்பட்டியல்.

என் டீம்ல ஒரே வருஷத்துல 12 பேர் போயிட்டாங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கு, மறைக்கலாமா சார்?

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர் போலிருக்கிறது. சரி, மறைக்காதீர்கள், ரெஃபரன்ஸில் வெளியே வந்துவிடும். 12 பேரில் நீங்கள் அனுப்பியவர் யார், தானாகப் போனவர் யார், யாரை இழந்தது வலித்தது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

எடுப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. டீம் கட்டுவாரா என்று பார்க்க, கடைசியாக வேலைக்கு எடுத்த ஐந்து பேரைப் பற்றிக் கேளுங்கள்: எங்கே பிடித்தார், இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள், எது தப்பான தேர்வு, அது தெரிய எத்தனை மாதம் ஆயிற்று. அப்புறம் அவர் அனுமதியோடு, அவருக்குக் கீழே வேலை பார்த்தவரிடம் பேசுங்கள். "நல்லவரா" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். "மறுபடியும் அவருக்குக் கீழே போவீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்று கவனியுங்கள்.

உங்க முறையில வாய் உள்ளவன்தானே ஜெயிப்பான்? கம்மியா பேசறவங்க என்ன ஆவாங்க?

இது நியாயமான அடி. பேனலில் ஒவ்வொருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண்ணும் காரணமும் எழுதிவிட்டால் பேச்சு மயக்கம் கொஞ்சம் குறைகிறது, முழுசாகப் போவதில்லை. எந்த முடிவைப் பற்றிக் கேட்கப்போகிறோம் என்று இரண்டு நாள் முன்பே சொல்லியும் பார்த்தேன். அமைதியானவர்கள் நன்றாக மனம் திறந்து பேசினார்கள், ஆனால் கதை கட்டுபவர்களும் இன்னும் நன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றுவரை ஒரு தடவை சொல்கிறேன், ஒரு தடவை சொல்லாமல் விடுகிறேன்.