நிறம் சீக்கிரம் போனால் மாட்டைப் பார்க்காதீர்கள், கேனைப் பாருங்கள்

"எங்கள் சங்கத்துப் பால் எம்பிஆர்டி 40 நிமிஷம்தான் நிற்கிறது என்கிறார்கள். கொழுப்பு, எஸ்என்எஃப் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் தப்பு எங்கே?"

பால் பண்ணை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருஷம் இந்த நீலக் குழாய்களோடுதான் என் காலைகள் போயின. கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்என்எஃப்பும் பாலில் என்ன சத்து இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். கறந்த பிறகு அந்தப் பால் எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் கிடந்தது என்பதை, மெத்திலீன் நீலச் சாயம் எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று பார்க்கும் எம்பிஆர்டி சோதனைதான் சொல்லும்.

செய்முறை எளிது. கிருமி நீக்கிய குழாயில் 10 மில்லி பால், அதில் 1 மில்லி மெத்திலீன் நீலக் கரைசல். மூடி, ஒரு தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைப்போம். பாக்டீரியா பெருகப் பெருகப் பாலில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் சாயம் நிறமற்ற வடிவத்துக்கு மாறி, பால் வெளுத்துவிடும். 5 மணி நேரமும் அதற்கு மேலும் நீலம் நின்றால் மிக நல்ல பால், 3 முதல் 4 மணி நேரம் என்றால் நல்லது, 1 முதல் 2 என்றால் சுமார், அரை மணிக்கும் குறைந்தால் மோசம். உங்கள் 40 நிமிஷம் மோசத்தின் வாசலில் நிற்கிறது.

மேலே அரை சென்டிமீட்டர் நீல வளையம் மிஞ்சியிருந்தாலும் நிறம் போய்விட்டதாகத்தான் கணக்கு. அங்கே காற்று படுவதால் நீலம் போகாது. குழாயைக் குலுக்கினால் ஆக்ஸிஜன் உள்ளே போய் வெளுத்த பால் மறுபடி நீலமாகிவிடும். வெளுக்கத் தொடங்கிய குழாயை அதனால்தான் நாங்கள் தொடவே மாட்டோம். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தாலும் முடிவு கெடும், வெளிச்சமே சாயத்தை வெளுக்க வைக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு சங்கத்திலிருந்து 6 கேன் பால் வரும். கலவை மாதிரி ஒன்றேகால் மணி நேரத்தில் வெளுத்துக்கொண்டே இருந்தது. உறுப்பினர்கள் ஒருவர் மாட்டை ஒருவர் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் கலவையை விட்டுவிட்டு, கேன் கேனாக மாதிரி எடுத்தேன். ஐந்து குழாய்கள் 4 மணி நேரம் தாண்டியும் நீலமாகவே நின்றன. நாலாம் நம்பர் கேனின் குழாய் 20 நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. அந்தக் கேனின் மூடியிலிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று பழைய பால் படிந்திருந்தது. புளித்த வாடை அடித்தது.

ஒரே கேன் எப்படி மொத்தப் பாலையும் கெடுக்கும்? அதன் பால் ஆறு மடங்கு நீர்த்துப் போனாலும், 37 டிகிரியில் பாக்டீரியா மூன்று தடவை இரட்டித்தாலே பழைய அளவைத் தாண்டிவிடும். ஒரு தடவைக்கு 20 நிமிஷம் என்று வைத்தால் ஒரு மணி நேரம்தான். 20 நிமிஷத்தோடு அந்த ஒரு மணியையும் கூட்டிப் பாருங்கள், கலவைக்கு வந்த நேரம் ஏறக்குறைய அதேதான். நல்ல பாலைக் கலந்ததால் கிடைத்தது அவ்வளவே.

வளையத்தைக் கழற்றி, சலவைச் சோடா கலந்த சுடுநீரில் தேய்த்துக் கழுவி, கேனைக் கவிழ்த்து வெயிலில் காய வைக்கச் சொன்னோம். அடுத்த வாரம் கலவை 4 மணி நேரத்தைத் தொட்டது. ஈரத்தோடு மூடி வைத்த கேன் இரவு முழுவதும் பாக்டீரியா வளர்க்கும் பாத்திரம், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

எல்லாக் கேனும் ஒரே மாதிரி சீக்கிரம் வெளுத்தால் கதை வேறு. கறந்ததற்கும் குளிரூட்டியதற்கும் இடையே போன நேரத்தைப் பாருங்கள். ஒரே ஒருவர் பால் மட்டும் வெளுத்தால், அவர் மாட்டுக்கு மடிநோய் இருக்கிறதா என்று பாருங்கள். மடிநோய்ப் பாலில் இருக்கும் வெள்ளணுக்களே சாயத்தை வெளுக்க வைத்துவிடும். சீம்பாலும் அப்படித்தான்.

இன்னொன்று. உங்கள் ஊரில் குளிரூட்டும் தொட்டி இருந்தால், அதில் இரண்டு நாள் கிடந்த பாலுக்கு இந்தச் சோதனையை முழுசாக நம்ப வேண்டாம். 4 டிகிரியில் வளரும் பாக்டீரியா வேறு வகை. 37 டிகிரியில் அவை மந்தமாகவே வேலை செய்யும். குழாய் 5 மணி நேரம் நீலமாக நின்றும் உள்ளே கோடிக்கணக்கில் இருக்கலாம். அதேபோல் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பாலும் பொய்யாக நீண்ட நேரம் நீலம் காட்டும்.

நாளைக் காலை, கேன்களை ஒன்றாகக் கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் தனித்தனி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் கேன் நம்பரை எழுதுங்கள். முதலில் வெளுக்கும் குழாயின் நம்பரைப் பார்த்து, அந்தக் கேனின் மூடி வளையத்தைக் கழற்றிப் பாருங்கள்.